ஒரு கட்டம் தள்ளிப்போன கோடு

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாள் என் முன்னால் இருக்கிறது. y = (x² + 3)/(x − 1) என்ற சார்பின் வளைவரையைக் கையால் வரையச் சொன்ன கேள்வி. படம் பார்க்க நேர்த்தியாகவே இருக்கிறது: x = 1 இல் நெட்டுக்குத்தாக ஒரு புள்ளிக்கோடு, அதற்கு வலப்புறம் மேலே ஒரு கிளை, இடப்புறம் கீழே இன்னொன்று. சாய்வாகவும் ஒரு புள்ளிக்கோடு; அதன் பக்கத்தில் y = x என்று எழுதியிருக்கிறாள்.

கையால் வரைந்த படத்தில் அளவு கொஞ்சம் முன்பின்னாக இருப்பதை நான் குறையாக எடுப்பதில்லை. எங்கே திரும்புகிறது, அச்சுகளை எங்கே வெட்டுகிறது, தொலைவில் எதை நெருங்குகிறது என்பவை சரியாக இருக்கவேண்டும்.

அச்சுகள் நொடியில் முடிந்துவிடும். x = 0 என்றால் y = −3; படத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. தொகுதியான x² + 3 ஒருபோதும் பூச்சியமாகாது; ஆகவே வளைவரை x-அச்சைத் தொடவே கூடாது. தொடவில்லை.

திருப்புமுனைகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தொகுதியைப் பகுதியால் வகுத்தால் x + 1 வருகிறது, மீதி 4. அதாவது y = x + 1 + 4/(x − 1). இதன் வகைக்கெழு 1 − 4/(x − 1)². அது x = 3 இலும் x = −1 இலும் பூச்சியம். புள்ளிகள் (3, 6), (−1, −2). இவற்றில் எது பெருமம்? 6 பெரிய எண், ஆகவே அதுவே பெருமம் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். உண்மை நேர்மாறானது. x = 1 க்குச் சற்று வலப்புறம் வளைவரை வானளவு உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து இறங்கி, 6 என்ற உயரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறது. எனவே (3, 6) சிறுமம். (3, 6) பெருமமாக இருக்கவேண்டுமானால், இறங்கி வந்த வளைவரை 3 ஐ அடையுமுன் இன்னொரு முறை திரும்பி ஏறியிருக்க வேண்டும். வகைக்கெழுவோ வேறு திருப்புமுனை இல்லை என்கிறது. இடக்கிளையின் உச்சியான (−1, −2) தான் பெருமம். −2 க்கும் 6 க்கும் இடையே எந்த உயரத்திலும் வளைவரை கிடையாது. இந்த மாணவி இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறாள்.

தவறு சாய்ந்த தொலைத்தொடுகோட்டில் இருக்கிறது. x பெரிதாகும்போது x² ஐ x ஆல் வகுத்தால் x தானே என்று நினைத்து, y = x என்று போட்டுவிட்டாள். வகுத்தலை முடிக்காமல் பாதியில் விட்டதால் அந்த 1 தொலைந்துபோனது. x = 101 இல் y = 102.04. y = x + 1 என்ற கோட்டிலிருந்து அது 0.04 மட்டுமே மேலே இருக்கிறது. y = x இலிருந்து பார்த்தால் இடைவெளி 1.04, எவ்வளவு தூரம் போனாலும் அது 1 க்குக் கீழே குறையாது. குறைந்துகொண்டே பூச்சியத்தை நெருங்காத இடைவெளியை வைத்துக்கொண்டு ஒரு கோட்டைத் தொலைத்தொடுகோடு என்று சொல்லமுடியாது.

இந்தத் தவறை எண்களே இல்லாமல் படத்திலேயே பிடிக்கலாம். எனக்கு மிகப் பிடித்த சோதனை அது. இந்த வளைவரை உண்மையில் ஓர் அதிபரவளையம். கிரேக்க அறிஞர் அப்பொலோனியஸ் கூம்பு வெட்டுகளை ஆராய்ந்தபோது பார்த்த அதே வளைவரை, சற்றுச் சாய்ந்து நிற்கிறது. அதிபரவளையம் தன் மையத்தைச் சுற்றிச் சமச்சீரானது. தொலைத்தொடுகோடுகள் இரண்டும் அந்த மையத்தில்தான் வெட்டிக்கொள்ளும். ஆகவே திருப்புமுனைகள் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், அதன் நடுப்புள்ளி மையமாக இருக்கவேண்டும். (3, 6), (−1, −2) இவற்றின் நடுப்புள்ளி (1, 2). மாணவியின் படத்திலோ புள்ளிக்கோடுகள் (1, 1) இல் வெட்டுகின்றன. அவள் குறித்த திருப்புமுனைகளே அவள் போட்ட கோட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. எல்லாச் சார்புக்கும் இந்தச் சமச்சீர் இருக்காது, இதற்கு இருக்கிறது.

கோடு தவறியதால் இடக்கிளையும் தவறியிருக்கிறது. y = x ஐத் தாண்டக்கூடாது என்று நினைத்து, கிளை முழுவதையும் அதற்குக் கீழேயே இழுத்திருக்கிறாள். உண்மையான வளைவரை அந்தக் கோட்டை ஓரிடத்தில் வெட்டி, மேலே ஏறிவிடுகிறது.

அச்சு வெட்டுக்கும் திருப்புமுனைகளுக்கும் உரிய மதிப்பெண்ணைக் கொடுத்தேன். சாய்ந்த கோட்டுக்கு உரியதைக் கொடுக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "x = −3 இல் y என்ன? உன் படத்தில் அந்தப் புள்ளி எங்கே?"

விடை −3. அவள் போட்ட புள்ளிக்கோட்டின் மேலேயே அது விழுகிறது.