காலியாக இருந்தால் வரி குறையும்... வாடகை பாக்கி நின்றால்?

ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் எதிரெதிர் ஃபிளாட்கள், வேளச்சேரியில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மாத வாடகை 20,000 ரூபாய். முதல் வீட்டில் குடியிருந்தவர் செப்டம்பரோடு காலி செய்துவிட்டார். அடுத்த ஆள் ஜனவரியில்தான் வந்தார். நடுவில் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. ஆண்டு முழுக்க ஆள் இருந்தார். ஆனால், நவம்பரிலிருந்து வாடகை தரவில்லை. மார்ச் கடைசியில் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இருவருக்குமே நஷ்டம்தான். ஆனால், வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. காலியாகக் கிடந்த வீட்டுக்குக் காட்டும் இரக்கத்தை, வாடகை ஏமாந்த வீட்டுக்கு அப்படியே காட்டுவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

வீட்டு வாடகைக்கு வரி போடும்போது சட்டம் முதலில் பார்ப்பது, கைக்கு எவ்வளவு வந்தது என்பதை அல்ல. அந்த வீட்டை விட்டால் நியாயமாக எவ்வளவு வாடகை வரும் என்பதைத்தான். மாநகராட்சி வைத்திருக்கும் மதிப்பு, அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீட்டுக்கு ஓடும் வாடகை இவற்றை வைத்து அதை முடிவு செய்வார்கள். நம் இரண்டு ஃபிளாட்களுக்கும் அது மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000 என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் வந்த வாடகை இதைவிட அதிகமென்றால் அதுதான் ஆண்டு மதிப்பு. குறைவென்றால்? அப்போதும் 2,16,000-தான். தெரிந்தவருக்குச் சலுகை வாடகையில் விட்டிருந்தாலும் இதேதான்.

இந்தத் தரைமட்டத்துக்குக் கீழே இறங்க ஒரே ஒரு படிக்கட்டு உண்டு. 1961-ம் ஆண்டு சட்டத்தின் 23(1)(சி) பிரிவு அது. வாடகைக்கு விட்ட வீடு ஆண்டில் சில காலம் காலியாக இருந்து, அந்தக் காரணத்தால் வாடகை குறைந்திருந்தால், வந்த வாடகையையே ஆண்டு மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

முதல் வீட்டுக்காரருக்கு ஒன்பது மாத வாடகை 1,80,000 வந்தது. குறைந்ததற்குக் காரணம் வீடு காலியாக இருந்தது மட்டுமே. எனவே ஆண்டு மதிப்பு 1,80,000. அதில் அவர் கையிலிருந்து கட்டிய சொத்து வரி 8,000 ரூபாயைக் கழித்தால் 1,72,000. அதில் 30 சதவிகிதமான 51,600 ரூபாயை, ரிப்பேர் செலவு செய்தாரோ இல்லையோ, கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 1,20,400 ரூபாய்க்குத்தான் அவருடைய வருமான விகிதப்படி வரி. வீட்டுக் கடன் இருந்தால் வட்டிக்கான கழிவு தனி.

எதிர் வீட்டுக்கு வருவோம். ஐந்து மாத பாக்கி ஒரு லட்சம் ரூபாய். ‘ஒரு லட்சம் வசூலாகவில்லை’ என்று அப்படியே எழுதிவிட முடியாது. வீட்டுக்காரரிடம் மூன்று மாத அட்வான்ஸ் 60,000 இருந்தது. அதைப் பாக்கியில் கழித்துக்கொண்டார். கழித்துக்கொண்ட அந்த நிமிடமே அது வாங்கிய வாடகை ஆகிவிடுகிறது. ஆகவே, உண்மையில் வசூலாகாதது 40,000 மட்டுமே. அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டே முழு பாக்கியையும் வாராக் கணக்கில் காட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. விசாரணை வந்தால் முதலில் மாட்டுவது இதுதான்.

ஆக, அவருக்கு வந்தது இரண்டு லட்சம். நியாய வாடகையோ 2,16,000. வீடு ஒரு நாள்கூட காலியாக இல்லை என்பதால் அந்தப் படிக்கட்டு அவருக்குத் திறக்காது. வசூலாகாத வாடகையை வர வேண்டிய வாடகையிலிருந்து கழிக்கத்தான் சட்டம் அனுமதிக்கிறது, நியாய வாடகையிலிருந்து அல்ல. சட்டத்தின் வாசகப்படி அவருடைய ஆண்டு மதிப்பு 2,16,000. கைக்கே வராத 16,000 ரூபாயையும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், இது அநியாயம்தான். வீடு சும்மா இருப்பதைவிட, ஆளை வைத்துக்கொண்டு வாடகை வாங்க முடியாமல் தவிப்பது பெரிய இடி. வருமான வரிப் படிவம், வசூலாகாத தொகை என்ற கட்டத்தில் எதை நிரப்பினாலும் பேசாமல் கழித்துக் கொடுத்துவிடும். அதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம்.

அந்த 40,000-ஐக் கழிப்பதற்கே நான்கு நிபந்தனைகள் உண்டு. வாடகை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும். பாக்கி வைத்தவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். அவர் உங்களுடைய வேறெந்த இடத்திலும் குடியிருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருக்க வேண்டும், அல்லது வழக்குப் போட்டாலும் பயனில்லை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் திட்டிய மெசேஜைவிட, பதிவுத் தபாலில் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு மரியாதை அதிகம். பின்னாளில் அந்தப் பாக்கி வசூலானால், வசூலான ஆண்டில் அதற்கு வரி கட்ட வேண்டும். அதற்குள் வீட்டையே விற்றிருந்தாலும் விடாது. அப்போதும் 30 சதவிகிதக் கழிவு உண்டு என்பது மட்டுமே ஆறுதல்.

முதல் வீட்டுக்காரரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்த மூன்று மாதமும் மகனும் மருமகளும் அங்கே வந்து தங்கியிருந்தால், அது காலி வீடு அல்ல, சொந்த உபயோகம். ஆண்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு விட்டுவிட்டதால் சொந்தக் குடியிருப்புக்கான பூஜ்ய மதிப்பும் கிடைக்காது. 2,16,000-க்கே போய் நிற்கும். அந்த மாதங்களின் ஈ.பி. பில்லில் ஓடிய யூனிட்டே உண்மையைச் சொல்லிவிடும்.

ஆண்டு முழுவதும் ஆளே வரவில்லை என்றால் விஷயம் இன்னும் சிக்கல். ‘வாடகைக்கு விட்ட வீடு’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த ஆண்டில் விடவே இல்லையே என்பது துறையின் வாதம். விவேக் ஜெயின் வழக்கில் 2011-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் துறையின் பக்கமே நின்றது. மாறாக, சச்சின் டெண்டுல்கரின் புனே ஃபிளாட் குறித்த வழக்கில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம், வாடகைக்கு விட அவர் செய்த முயற்சியை ஏற்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு வீடுகள் வரை பூஜ்ய மதிப்பு காட்டலாம் என்ற விதி வந்த பிறகு, மூன்றாவது வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தச் சண்டை முக்கியம். அவர்கள் புரோக்கருக்கு அனுப்பிய தகவல், இணையத்தில் போட்ட விளம்பரம், வீடு பார்க்க வந்தவர்களுடன் நடந்த பேச்சு எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வைத்திருக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். காலியாக இருந்த காலத்துக்கான சலுகையும் வசூலாகாத வாடகைக்கான கழிவும் அதிலும் தொடர்கின்றன. 2025-26 நிதியாண்டுக்கான கணக்குத் தாக்கலுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆடிட்டரிடம் போகும்போது மொத்தமாக ‘இவ்வளவு குறைந்தது’ என்று சொல்லாமல், காலியாக இருந்த மாதங்களைத் தனியாகவும் பாக்கி நின்ற மாதங்களைத் தனியாகவும் எழுதிக்கொண்டு போங்கள்.