ஒரு புஷ்ஷின் டிராயிங்

லேத்துக்கு முன்னால் டிராயிங்கை விரித்ததும் பழகிய டர்னர் படத்தைப் பார்ப்பதில்லை. வலது கீழ் மூலையிலுள்ள கட்டத்தைத்தான் முதலில் படிப்பார். உலோகம் எது, டாலரன்ஸ் போடாத அளவுகளுக்கு என்ன விதி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ISO 2768-m என்று எழுதியிருந்தால், வெறுமனே 40 என்று குறித்த நீளம் 39.7 முதல் 40.3 மில்லிமீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த நீளத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

நம் கையிலிருப்பது பித்தளை நிறத்தில் பார்த்திருப்பீர்களே, ஷாஃப்ட் சுழல்வதற்கு வைக்கும் வெண்கல புஷ். நேர்ப்பார்வையில் வெறும் வட்டங்கள்தான். அவற்றின் குறுக்கே விட்டுவிட்டு ஒரு கோடு ஓடுகிறது; இரு முனையும் தடித்து, அம்புக்குறியோடு A என்ற எழுத்து நிற்கிறது. அந்தக் கோட்டில் புஷ்ஷை அறுத்து, அம்பு காட்டும் திசையில் பார்த்தால் தெரிவதைத்தான் பக்கத்தில் A-A என்று வரைந்திருக்கிறார்கள். ரம்பம் பட்ட உலோகத்தில் மட்டும் சாய்வான மெல்லிய கோடுகள் இருக்கும், துளையில் இருக்காது. புதியவர்கள் தடுமாறுவது அசெம்ப்ளி படத்தில். அங்கே ஷாஃப்டும் போல்ட்டும் நீளவாக்கில் வெட்டுப்பட்டாலும் அவற்றுக்குச் சாய்கோடு போடுவதில்லை. வெறுமையாக இருக்கிறதே என்று அதைத் துளையாக நினைத்துவிடக் கூடாது.

இனி முக்கியமான அளவு: துளைக்கு Ø25 H7. அட்டவணையில் பார்த்தால் 25.000 முதல் 25.021 வரை. பெரிய எழுத்து துளையைக் குறிக்கும். H என்றால் கீழ் எல்லை சரியாக 25, அதற்குக் குறையவே கூடாது. உள்ளே சுழலும் ஷாஃப்டுக்கு 25 g6, அதாவது 24.980 முதல் 24.993 வரை. கழித்துப் பாருங்கள்: இடைவெளி மிகக் குறைந்தால் 0.007, மிக அதிகமானால் 0.041 மில்லிமீட்டர். எண்ணெய்ப் படலம் நிற்கும் இடம் அதுதான்.

துளை 24.99 வந்தால் கவலையில்லை, இன்னொரு முறை போர் செய்யலாம். 25.03 ஆகிவிட்டால் புஷ் கழிவுக்குத்தான். அதனால் துளையைச் சிறிய பக்கத்திலிருந்து நெருங்குவார்கள். ஷாஃப்டைப் பெரிய பக்கத்திலிருந்து. பிளக் கேஜின் 'கோ' முனை நுழைய வேண்டும், 'நோ கோ' முனை நுழையக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஷாஃப்ட் இறுகுவதுண்டு. காரணம் வெளிவிட்டத்தில் இருக்கிறது. அங்கே 40 p6, அதாவது 40.026 முதல் 40.042 வரை. அது உட்காரும் ஹவுசிங் துளையோ 40 H7; அதிகபட்சமே 40.025. எப்படிப் பார்த்தாலும் புஷ்தான் பெரிது, பிரஸ்ஸில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். அழுத்தும்போது உள்துளையும் சற்றுச் சுருங்கும். லேத்தில் தாராளமாக நுழைந்த 'கோ' முனை, ஹவுசிங்கில் ஏற்றியபின் வாசலிலேயே நின்றுவிடும். இதை அறிந்த வரைவாளர், துளையை அழுத்தியபின் ரீமர் போட்டு முடிக்கும்படி அளவுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருப்பார். குறிப்பு இல்லையென்றால், 25 H7 என்பது அழுத்துவதற்கு முன்பா பின்பா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் டூலைத் தொட வேண்டும்.