நல்லவர் என்று எழுதினால் போதாது

வேளச்சேரியில் ஒரு குடும்பம் மாற்றலாகிப் புனேவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டில் வேலை பார்த்த அம்மா இனி வேறு வீடு தேட வேண்டும். வாட்ச்மேன் சொல்லி அனுப்பினாலும், புது வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?” என்பதுதான். பழைய வீடு பூட்டிக் கிடக்கும்போது அதற்குச் சான்றாக அவர் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டுமே.

பெரும்பாலும் அந்தக் கடிதம் இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது: “இவர் நல்லவர், நேர்மையானவர். வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.” எல்லோரும் எல்லோருக்கும் எழுதுவது இதைத்தான் என்பதால் படிப்பவர் மனதில் எதுவும் தங்காது. அதற்குப் பதிலாக நடந்ததை எழுதலாம். “2021 ஜூன் முதல் 2025 மே வரை எங்கள் வீட்டில் வேலை செய்தார். காலை ஏழரைக்கு வந்து பத்து மணி வரை பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, துணி மடித்து வைப்பார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடும் நாட்களில் சாவி அவரிடம்தான் இருக்கும். வர முடியாத நாளில் முந்தின இரவே போன் செய்துவிடுவார். நாங்கள் ஊர் மாறுவதால்தான் வேலை முடிகிறது.” நேர்மை என்ற சொல்லே இல்லை. ஆனால் சாவியைப் பற்றிய ஒரு வரி அதைச் சொல்லிவிடுகிறது. கடைசி வரியும் அவசியம். வேலை முடிந்த காரணம் இல்லாவிட்டால், ஏதோ தகராறில் அனுப்பிவிட்டார்கள் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு.

செய்யாத வேலையைச் சேர்ப்பது உதவியாகாது. சமையல் தெரியாதவரைச் சமையலும் செய்வார் என்று எழுதினால், முதல் வாரத்திலேயே பேச்சு வாங்குவது அவர்தான்.

சில விவரங்கள் கடிதத்தில் வரவே கூடாது. சாதி, கணவரின் குடிப்பழக்கம், உடல்நோய், ஆதார் எண் இவையெல்லாம் இன்னொரு வீட்டுக்குத் தேவையில்லாதவை. சம்பளத்தையும் நான் எழுதமாட்டேன். பழைய தொகையைப் பார்த்ததும் புது வீட்டில் அதையே உச்சவரம்பாக வைத்துப் பேசத் தொடங்குவார்கள். கூடுதலாகக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு அங்கேயே போய்விடும்.

கடிதத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி, கையெழுத்துப் போடும் முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஆங்கிலம் கேட்கும் வீடுகளுக்காக இன்னொரு படி தரலாம். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தை அவர் வீடுவீடாக நீட்டக் கூடாது. படித்துக் காட்டினால்தான், “சின்னப் பாப்பாவ ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டேனே, அதப் போடலியாம்மா?” என்று அவர் கேட்க முடியும். குழந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவத்துக்குத் தனி மதிப்பும் கூடுதல் சம்பளமும் உண்டு.

தேதியும் உங்கள் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். கடிதத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டுக் கேட்பார்கள். புனேயில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள்.