கனவு எண் ஏன் ‘நெருங்கி’ வருகிறது?

கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் கனவில் கண்ட எண்ணையும் விபத்துக்குள்ளான காரின் எண்ணையும் ‘நாலு நம்பர்’ எடுப்பவர்கள் உண்டு. ஒருவர் 2847 எடுக்கிறார், 2748 விழுகிறது. “கிட்ட வந்துவிட்டது” என நம்பிக்கை கூடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குலுக்கலில் 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. 2847-இன் இலக்கங்களை வேறு 23 விதமாக மாற்றி அடுக்கலாம். அவற்றில் ஒன்று விழும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. அதாவது, ஏறக்குறைய 20 குலுக்கலுக்கு ஒருமுறை இந்த எண் தானாகவே ‘நெருங்கும்’. கனவுக்கு இதில் பங்கில்லை.

நாமே தேர்ந்தெடுத்தது என்ற எண்ணமும் மயக்குகிறது. 1975-இல் அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கர் வெளியிட்ட ஆய்வில், 1 டாலர் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதை விற்கச் சராசரியாக 8 டாலருக்கு மேல் கேட்டார்கள். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பெற்றவர்கள் 2 டாலருக்கும் குறைவாகவே கேட்டார்கள். வெல்லும் வாய்ப்போ இருவருக்கும் ஒன்றே.

அடுத்த குலுக்கலிலும் 2847-இன் வாய்ப்பு துளியும் கூடியிருக்காது.