ஒரு சொல் மாறினால் கூற்று பொய்

"ஏட்ரியம் சுருங்குவதால்தான் வெண்ட்ரிக்கிளில் பெரும்பகுதி ரத்தம் நிரம்புகிறது."

நீட் எழுதப்போகும் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாளில் நான் எழுதிய கூற்று இது. சரியா, தவறா என்பதுதான் கேள்வி. வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி 'சரி' என்று போட்டிருந்தாள். கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "மேல இருக்கிற அறை சுருங்கினாத்தானே சார் கீழ ரத்தம் இறங்கும்?" என்றாள்.

அவள் படிக்காமல் வரவில்லை. ஏட்ரியம் என்கிற மேலறை சுருங்குகிறது. வெண்ட்ரிக்கிள் என்கிற கீழறைக்கு ரத்தம் போகிறது. இரண்டும் உண்மை. 'பெரும்பகுதி' என்ற ஒரே சொல்தான் கூற்றைப் பொய்யாக்குகிறது. நீட் உயிரியலில் இதயம், சிறுநீரகம், ஹார்மோன் பற்றி வரும் கூற்றுக் கேள்விகளில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். தெரியாத விஷயத்தில் அல்ல. தெரிந்த விஷயத்தின் அளவு, இடம், திசை இவற்றில் ஒன்று மாற்றப்பட்டிருக்கும்போது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு கூற்றில் மூன்றைச் சரியாகக் கணித்து ஒன்றில் தவறினாலும், அந்த ஒன்று மொத்தக் கேள்வியையும் கொண்டுபோய்விடும்.

அந்தப் பெண்ணுக்கு நான் விளக்கியதை இங்கேயும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால், இதயம் ஒருமுறை துடித்து முடிக்க 0.8 விநாடி. அதில் ஏறத்தாழ பாதி நேரம், 0.4 விநாடி, நான்கு அறைகளும் தளர்ந்தே இருக்கின்றன. அப்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுகள் திறந்திருக்கும். சிரைகளில் வரும் ரத்தம் மேலறையில் தங்காமல் நேரே கீழறைக்குள் வழிந்துவிடும். இப்படியே கீழறையின் 70 சதவீதம் போல நிரம்பிவிடுகிறது. அதன்பிறகுதான் மேலறை 0.1 விநாடி சுருங்கி, மீதி 30 சதவீதத்தைத் தள்ளுகிறது. பிறகு கீழறை 0.3 விநாடி சுருங்கி, ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியே அனுப்புகிறது.

"இதை மனப்பாடம் பண்ணாம எப்படி சார் ஞாபகம் வச்சிக்கிறது?" என்று கேட்டாள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு நோய் இருக்கிறது. வயதானவர்களிடம் அதிகம். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடவென்று துடித்துக்கொண்டிருக்கும். உன் கூற்று உண்மையானால் அவர்களுடைய கீழறைக்கு ரத்தமே வராது. ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் கடைக்குப் போகிறார்கள், பேரனைப் பள்ளியில் விடுகிறார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த 30 சதவீதம் இல்லாத குறை மூச்சு வாங்குவதில் தெரிகிறது. 70 சதவீதம் அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. துடிப்பு 150 ஆனால் மொத்தச் சுழற்சிக்கே 0.4 விநாடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். தளர்ந்திருக்கும் நேரம்தான் பெரிதும் வெட்டுப்படும். நிரம்ப நேரம் போதாமல், மேலறையின் உந்தலுக்கு மதிப்பு கூடிவிடும். அந்த நிலையில் மேலறையும் ஒழுங்காகச் சுருங்காவிட்டால் தலைசுற்றல், மயக்கம் வரை போகும்.

கூற்று, காரணம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் வகையில் சிக்கல் வேறு. 'கூற்று: வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதும் மேலறைக்குப் போகும் வழியில் உள்ள வால்வுகள் மூடுகின்றன. காரணம்: இதயத் துடிப்பின் வேகத்தை எஸ்.ஏ. கணு தீர்மானிக்கிறது.' இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாவது முதலாவதற்குக் காரணம் இல்லை. வால்வுக்குக் கட்டளை இடுபவர் யாருமில்லை. கீழறையின் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டிய கணத்தில், திரும்பி வரப் பார்க்கும் ரத்தமே கதவைத் தள்ளிச் சாத்துகிறது. அந்தச் சாத்தலில் பிறப்பதுதான் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் 'லப்'. நடுவில் 'ஏனென்றால்' போட்டு இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்க்கச் சொல்வேன். காதுக்கே ஒட்டாது.

இதயத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் போவோம். பாடப் புத்தகத்தில் அவை வெவ்வேறு அத்தியாயங்கள்; உடம்பில் ஒரே குழாய்வழி. நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் இதயத்தை விட்டுப் புறப்படுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், 1100 முதல் 1200 மில்லி லிட்டர், இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதிலிருந்து 125 மில்லி லிட்டர் நீர் குளோமெருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சுகள் வழியே வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர் போல. மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. வடிகட்டும் வேலையைச் செய்விப்பது ரத்தத்தின் அழுத்தம்தான். அழுத்தம் விழுந்தால் வடிகட்டலும் விழும். ஆகவே அழுத்தத்தைக் காக்கும் ஒரு காவல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமான இடமும் அதுதான். பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது இது:

அ. குளோமெருலஸில் வடிகட்டல் குறைந்தால் ஜே.ஜி. செல்கள் ரெனினை வெளியிடும்.
ஆ. ஆஞ்சியோடென்சின் 2 ரத்தக் குழாய்களை விரிக்கும்.
இ. ஆல்டோஸ்டீரோன் அட்ரினல் சுரப்பியின் அகணியில் சுரக்கிறது.
ஈ. மேலறைச் சுவரில் சுரக்கும் ஹார்மோன் ரெனின் வழிமுறைக்கு எதிராக வேலை செய்யும்.

இவற்றில் சரியானவை எவை? அ, ஆ மட்டும். அ, ஈ மட்டும். ஆ, இ மட்டும். அ, இ, ஈ மட்டும்.

கூற்றுகளை ஒவ்வொன்றாக மனதில் தேடக் கூடாது என்பேன். ஓர் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார். உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தின் அளவு குறைந்து, அழுத்தம் இறங்கிவிட்டது. இப்போது அவர் உடம்பு எதை விரும்பும்? இருக்கிற நீரைப் பிடித்துவைக்கவும் அழுத்தத்தைத் தூக்கவும் விரும்பும். இந்த ஒரே விருப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

வடிகட்டல் குறைந்ததை உணர்ந்து, குளோமெருலஸுக்குள் ரத்தம் நுழையும் இடத்தில் இருக்கும் ஜே.ஜி. செல்கள் ரெனினை விடுகின்றன. அ சரி. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பிவைத்திருக்கும் ஆஞ்சியோடென்சினோஜனை ரெனின் வெட்டி, ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களில் இருக்கும் ஒரு நொதி அதை இன்னும் கொஞ்சம் நறுக்கி, ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. படுத்திருப்பவருக்கு அழுத்தம் ஏற வேண்டும். குழாய் விரிந்தால் அழுத்தம் இன்னும் இறங்கிவிடும். எனவே சுருங்கத்தான் வேண்டும். ஆ தவறு. ஒரு வரியும் மனப்பாடமாகத் தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

அடுத்து, ஆஞ்சியோடென்சின் 2 அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோனை எழுப்புகிறது. அது நெஃப்ரானின் கடைசிப் பகுதியில் சோடியத்தைப் பிடித்து உள்ளே இழுக்க, தண்ணீர் பின்னாலேயே வருகிறது. வேலை சரி, ஆனால் சுரக்கும் இடம் அகணி அல்ல, புறணி. அகணி அட்ரினலினுடைய வீடு. இ தவறு. உண்மையைச் சொன்னால் இது யோசித்து வராது, தெரிந்துதான் இருக்க வேண்டும். திசை பற்றிய கூற்றை யோசித்து எடுத்துவிடலாம்; இடம் பற்றிய கூற்றுக்குப் புத்தகம்தான் துணை. ஏ.டி.எச். ஹார்மோனும் அப்படியே: உருவாவது ஹைப்போதலாமஸில், வெளிவருவது பிட்யூட்டரியின் பின்பகுதியில். 'உருவாகிறது', 'வெளியிடப்படுகிறது' இரண்டையும் இடம் மாற்றிவைத்து எத்தனையோ பேரை வீழ்த்துகிறார்கள்.

மிஞ்சியது ஈ. இதயம் ஹார்மோன் சுரக்கும் என்பதே பலருக்கு நம்ப முடியாத செய்தி. 1981-இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், எலி இதயத்தின் மேலறைத் தசையை அரைத்துச் சாறெடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். சிறிது நேரத்திலேயே அந்த எலிகளின் சிறுநீரும், அதில் போகும் சோடியமும் பல மடங்கு கூடின. கீழறைத் தசையின் சாற்றைச் செலுத்தியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏ.என்.எஃப். என்று பாடப் புத்தகம் சொல்லும் ஹார்மோன் கையில் சிக்கியது அப்படித்தான். ரத்தம் அதிகமாகி மேலறைச் சுவர் இழுபடும்போது அது சுரக்கும். குழாய்களை விரிக்கும், சோடியத்தை வெளியே அனுப்பும், ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் அடக்கும். ஈ சரி. விடை: அ, ஈ மட்டும்.

பாடப் புத்தகத்துக்கு ஓர் எல்லை இருப்பதையும் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் ஜே.ஜி. செல்களில் சுரப்பதாக என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் சொல்கிறது. சிறுநீரகத்தில் நுண்குழல்களை ஒட்டிய இடைத்திசுச் செல்களில் அது சுரப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தேர்வில் புத்தகத்தின்படி எழுதுங்கள், மருத்துவக் கல்லூரிக்குப் போனதும் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது எனக்கு மனசு உறுத்தத்தான் செய்கிறது.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, முதல் கூற்றில் தவறிய அதே பெண் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "சார், எங்க ஊர்க் கிணத்துல கழுத்தளவு தண்ணியில கொஞ்ச நேரம் நின்னா யூரின் வந்துடும். அது இதுதானா?"

"நீயே சொல்லேன்" என்றேன்.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "சுத்தி இருக்கிற தண்ணி காலையும் வயித்தையும் அழுத்துது. அங்க இருந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறுது. மேலறை இழுபடுது. இதயம் ரத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சுக்குது. ஏ.என்.எஃப். வருது, ரெனின் அடங்குது..." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏ.டி.எச்.சும் குறையணுமே சார்?"

குறைகிறது என்றேன்.