தூக்கலான முன்பல்லும் தாடை வளரும் வயதும்

பற்களைக் கடித்து மூடும்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னால் நிற்பது இயல்பு. இது 8, 10 என்று கூடிவிட்டால் உதடு சேராது. பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். வீட்டில் இதை 'மேல்தாடை எடுப்பு' என்பார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளந்து பார்த்தாலோ, பலருக்கு மேல்தாடை சரியான இடத்தில் இருக்கும், கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கும். எந்தத் தாடையில் கோளாறு என்பதைப் பொறுத்தே கருவியும் மாறும்.

கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்கு இன்று பரவலாகத் தரப்படுவது 'ட்வின் பிளாக்'. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அக்ரிலிக் தட்டுகள். இரண்டிலும் சரிவாக வெட்டிய மேடுகள் இருக்கும். வாயை மூடும்போது அந்தச் சரிவுகள் ஒன்றோடொன்று உரசி, கீழ்த்தாடையை முன்னால் வரவைக்கும். தாடையைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும் தசைகளின் விசை தட்டுகள் வழியே பற்களுக்கும் எலும்புக்கும் போய்ச் சேரும். சாப்பிடும்போதும் இதைக் கழற்றக் கூடாது. மெல்லும்போதுதான் அது அதிகம் வேலை செய்கிறது.

இதெல்லாம் பலிப்பது எலும்பு வளரும் காலத்தில்தான். உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் கீழ்த்தாடையும் வேகமாக வளரும். பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14ஐ ஒட்டியும் அந்த வேகம் உச்சத்தைத் தொடும். ஆனால் பிறந்த தேதியை மட்டும் நம்ப முடியாது. அதே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளும் தெரியும். சிறு வயதில் அவற்றின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது எலும்புகளின் அடி குழிய ஆரம்பித்தால் உச்சம் நெருங்கிவிட்டது. நான்காவதும் குழிந்திருந்தால் அது கடந்துபோயிருக்கும். இந்தக் கணிப்பில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவது உண்டு என்பதால், உயரம் கூடும் வேகத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மகள் வயதுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. வளர்ச்சியின் உச்சம் பொதுவாக அதற்குச் சுமார் ஓராண்டு முன்னதாகவே வந்துபோய்விடும்.

ஒரே வகுப்பில் படிக்கும் பதினொன்றரை வயதுப் பெண் ஒருத்தி, பையன் ஒருவன், இருவருக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் கழுத்தெலும்பில் இரண்டு குழிவுகள் தெரிகின்றன. அவளுக்கு உடனே ஆரம்பிக்கலாம். பையனுக்கு எல்லாம் தட்டை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்துகொண்டு காத்திருப்பதே நல்லது. பெண்ணின் தாடையை 7 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்து மெழுகில் கடிக்கவைத்து, அந்த அளவுக்குத் தட்டுகள் செய்வார்கள். முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், தாடை வலிக்கும். ஒழுங்காகப் போட்டால் மாதம் ஒரு மில்லிமீட்டர்போல இடைவெளி குறையும். மூன்று மாதம் கழித்தும் தட்டு புத்தம்புதிதாக மின்னினால், பேச்சும் குழறினால், அது பெரும்பாலும் டப்பாவிலேயே இருந்திருக்கிறது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பிள்ளை பழக்கத்தில் தாடையை முன்னால் தள்ளிக் கடித்துக் காட்டும். பல் சேர்ந்துவிட்டது என்று பெற்றோர் மகிழ்வார்கள். தாடையைத் தளர்த்தி மெல்லப் பின்னால் போகவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். ஒன்பது மாதம்போல ஆனதும் கருவி இரவுக்கு மட்டும் என்றாகும். பிறகு பற்களை வரிசைப்படுத்த வழக்கமான கம்பி.

மேல்தாடையே முன்னேறிய பிள்ளைகளுக்கு ஹெட்கியர். மேல் கடைவாய்ப் பல்லில் ஒட்டிய குழாய்க்குள் ஒரு கம்பி வில் நுழையும். அதன் வெளிக் கைகளைத் தலையிலோ கழுத்திலோ மாட்டிய பட்டை பின்னால் இழுக்கும். பக்கத்துக்குச் சுமார் 400 முதல் 500 கிராம் விசை, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம், மாலையில் தொடங்கி விடியும்வரை. மேல்தாடை அதிகம் பின்னால் வந்துவிடாது. அது முன்னேறும் வேகம் மட்டுப்பட, கீழ்த்தாடை வளர்ந்து எட்டிப்பிடிக்கும். முகம் நீளமான பிள்ளைகளுக்குக் கழுத்துப் பட்டை ஆகாது. அது கடைவாய்ப் பல்லைக் கீழே இழுத்து முகத்தை இன்னும் நீளமாக்கும். இழுத்துவிட்ட வில் சுண்டித் திரும்பிக் கண்ணைக் கெடுத்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் அதிகமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையும், குழாயிலிருந்து நழுவாத பூட்டுள்ள வில்லும் கட்டாயம். விளையாடும்போது மாட்டவே கூடாது.

ஏழெட்டு வயதிலேயே தொடங்கினால் கூடுதல் பலன் கிடைக்குமா? ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில், சீக்கிரம் தொடங்கியவர்களும் பதின்வயதில் தொடங்கியவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நின்றார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு முன்பல் அடிபடுவது குறைந்தது. ஆனால் சிகிச்சை இரண்டு கட்டமாக நீண்டது. ஆகவே பல் மிகவும் தூக்கலாக இருந்து அடிபடும் அபாயம் உள்ளவர்களுக்கும், கேலியால் பள்ளிக்கூடம் போகவே மறுக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே தொடங்குவதில் நியாயம் உண்டு.

சரியான பருவத்தில் போட்டாலும் மாற்றத்தில் பெரும்பங்கு பற்களுடையது: மேற்பற்கள் உள்ளே சாய்கின்றன, கீழ்ப்பற்கள் வெளியே சாய்கின்றன. எலும்பின் பங்கு சில மில்லிமீட்டர்தான். வளர்ச்சி நின்ற பிறகு வருபவர்களுக்கு, இடைவெளி அளவானதென்றால் மேல்வரிசையில் இரண்டு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி போடுவது வழக்கம். தாடையின் வித்தியாசம் பெரிதென்றால் அறுவை சிகிச்சைதான்.