ஏ4 தாள் எத்தனை இன்ச்?

நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்குப் போனால், கம்ப்யூட்டர் முன் இருப்பவர் முதலில் சைஸைக் கேட்பார். "ஏ4தான்" என்போம். பென்டிரைவிலிருந்து ஃபைலைத் திறந்ததும், "இது ஏ4 இல்லையே சார்" என்பார்.

ஏ4 மில்லிமீட்டரில் பிறந்த அளவு. ஜெர்மனி 1922இல் வகுத்த முறை இது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உள்ள ஏ4 கிடைக்கும். ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. வகுத்துப் பார்த்தால் அகலம் 8.27 இன்ச், உயரம் 11.69 இன்ச். மில்லிமீட்டரில் முழு எண்ணாக இருந்தது, இன்ச்சில் புள்ளிக்குப் பின்னால் நீண்டுவிடுகிறது. அதை அழகுபடுத்தி எட்டேகால், பதினொன்றே முக்கால் என்று எழுதினால், அகலத்தில் அரை மி.மீ. குறைந்து, உயரத்தில் ஒன்றரை மி.மீ. கூடிவிடும்.

இதைவிடப் பெரிய வம்பு, அமெரிக்க அலுவலகத் தாளான லெட்டர். எட்டரைக்குப் பதினொன்று இன்ச், அதாவது 215.9க்கு 279.4 மி.மீ. சில மென்பொருள்கள் புதுப் பக்கத்தை இந்த அளவில்தான் திறக்கும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்த ஃபைலை ஏ4 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 272 மி.மீ. ஆகி, மேலும் கீழும் ஒன்றேகால் சென்டிமீட்டர் வெள்ளை விழும். உயரத்துக்கு நீட்டினாலோ இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வெட்டுப்படும். ஓரத்தில் போட்ட போன் நம்பரின் கடைசி எண் போவது இப்படித்தான்.

ஓரம்வரை வண்ணம் வேண்டுமென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. கட்டிங் மெஷினில் தாள் இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, நான்கு பக்கமும் வழக்கமாக 3 மி.மீ. கூடுதலாக வண்ணம் விடுவார்கள். அச்சகத்தில் 'பிளீட்' என்பது இதைத்தான். அப்போது ஃபைல் 216க்கு 303 மி.மீ., இன்ச்சில் 8.50க்கு 11.93. அகலம் லெட்டர் தாளோடு ஏறக்குறைய ஒத்துப்போவது வெறும் தற்செயல். எட்டரையைப் பார்த்து "பிளீடோடு சரியாக இருக்கிறது" என்று ஏமாறாமல், உயரத்தைப் பாருங்கள்.

ஆர்டர் எழுதும்போது இப்படி எழுதலாம்: 'வெட்டிய அளவு 210 x 297 மி.மீ., பிளீட் 3 மி.மீ., செங்குத்து'. இன்ச் கேட்டால் மட்டும் 8.27 x 11.69 என்று பக்கத்தில் சேர்த்தால் போதும்.

கையிலிருக்கும் தாள் ஏ4தானா என்று பார்க்க ஸ்கேல்கூட வேண்டாம். ஒரு மூலையைப் பிடித்து, குட்டை ஓரம் நீண்ட ஓரத்தின் மேல் படியும்படி மடியுங்கள். இன்னொரு தாளின் நீண்ட ஓரத்தை அந்தச் சாய்ந்த மடிப்பின் மேல் வையுங்கள். ஏ4 என்றால் இரண்டும் ஒரே நீளம். லெட்டர் என்றால் மடிப்பு இரண்டரை சென்டிமீட்டர் நீண்டு நிற்கும்.